சிக்னல் வந்த பிறகுதான் சிக்கல்

மலைக் கிராமத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் குழந்தையின் எடையை 7.2 கிலோ என்று செயலியில் பதிகிறார். சிக்னல் இல்லை. நன்றாக எழுதப்பட்ட செயலி அப்போது சர்வரைத் தேடாது. போனுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எடையை எழுதும். கூடவே, ‘இதை அனுப்ப வேண்டும்’ என்று இன்னொரு அட்டவணையில் ஒரு வரி சேர்க்கும். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். நடுவில் போன் அணைந்து ஒன்று மட்டும் பதிவானால், அந்த எடை சர்வருக்குப் போகாமலே தங்கிவிடும்.

சிக்னல் வந்ததும் பதிவு போய்ச் சேர்கிறது. ஆனால் ‘கிடைத்தது’ என்ற பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. செயலி மறுபடி அனுப்புகிறது. ஒரே குழந்தைக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு எடைகள் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து, பதிவு எண்ணை சர்வர் தரும்வரை காத்திராமல், எழுதும்போதே போன் யூயூஐடி என்ற 128 பிட் அடையாளத்தை உருவாக்குவது. அதே அடையாளம் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாது. ‘கிடைத்தது’ என்று மட்டும் சொல்லும். அதற்குப் பிறகே அந்த வரியை நீக்கலாம்.

இரண்டு போன்களில் ஒரே எடையைத் திருத்தியிருந்தால்? கடைசியாக வந்ததையே பல செயலிகள் வைத்துக்கொள்கின்றன. மருத்துவப் பதிவில் எனக்கு அது சம்மதமில்லை. இரண்டையும் காட்டி செவிலியரைத்தான் கேட்க வேண்டும்.