அம்மா வீட்டு விலாசத்தில் யாருடைய போன் நம்பர்?

ஷாப்பிங் ஆப்பில் விலாசம் பதியும்போது நம்மில் பலர் கவனமாக நிரப்புவது கதவு எண்ணையும் தெருவையும்தான். போன் நம்பர் கட்டத்தில் நம்முடைய நம்பர் தானாகவே வந்து நிற்கும். அதை அப்படியே விட்டுவிடுவோம். சென்னை அம்பத்தூரில் வேலை பார்க்கும் மகள், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குச் சேலை அனுப்பும்போது சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பார்சல்காரர் கோயில் முக்கில் நின்று போன் போடுவார். மணி அடிப்பதோ அம்பத்தூரில், மீட்டிங் நடுவில். இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, ‘வாடிக்கையாளர் கிடைக்கவில்லை’ என்று பதிந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அம்மா திண்ணையிலேயேதான் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே விலாசத்தில் இருக்க வேண்டியது பொருளை வாங்கிக்கொள்பவரின் நம்பர், பணம் கட்டுபவருடையது அல்ல. ஆப் கணக்கு மகளுடைய நம்பரில் இருந்தாலும், சேமிக்கும் ஒவ்வொரு விலாசத்துக்கும் தனிப் பெயரும் தனி நம்பரும் கொடுக்கலாம். மாற்று நம்பர் என்று இன்னொரு கட்டம் இருந்தால் அதில் மகளின் நம்பரைப் போட்டு வைக்கலாம். பெயரும் அப்படித்தான். பெட்டி மேல் ஒட்டும் சீட்டில் வருவது அந்தப் பெயர்தான் என்பதால், ஊரில் விசாரித்தால் தெரியும் பெயராக இருக்க வேண்டும். கிராமத்தில் மகள் பெயரைச் சொல்லிக் கேட்டால் ‘அவங்க மெட்ராஸ்ல இல்ல இருக்காங்க’ என்று அனுப்பிவிடுவார்கள்.

விலாசத்துக்கு வீடு, அலுவலகம் என்று பெரும்பாலும் இரண்டு அடையாளங்கள்தான் ஆப்பில் இருக்கும். அம்பத்தூர் வீடு, அம்மா வீடு, கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி என்று மூன்று விலாசம் சேர்ந்துவிட்டால் எல்லாமே ‘வீடு’ என்றுதான் காட்டும். பெறுபவரின் பெயரை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். முதன்மை விலாசம் என்று ஒன்றை ஆப் தானாக எடுத்துக்கொள்ளும் என்பதால், பணம் கட்டும் பக்கத்தில் மேலே எந்தப் பெயர் இருக்கிறது என்று ஒரு கண் பார்த்துவிட வேண்டும். ஆர்டர் போட்ட பிறகு விலாசப் பட்டியலில் போய்த் திருத்தினால் பயனில்லை. ஆர்டர் போட்ட நொடியில் இருந்த விலாசம் அந்த ஆர்டரோடு ஒட்டிக்கொண்டுவிடும். பொருள் கிளம்பாத வரை, அந்த ஆர்டரின் பக்கத்துக்கே போய் விலாசத்தை மாற்ற வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் ரத்து செய்துவிட்டு மறுபடி போடுவதே நல்லது.

பின்கோடு விஷயத்தில் கிராமங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மன்னார்குடி டவுனுக்கு 614001. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அல்ல. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடப்பில் இருக்கும் இந்த ஆறு இலக்கத்தில், கடைசி மூன்றும் எந்தத் தபால் அலுவலகம் என்பதைக் குறிப்பவை. கூரியர் நிறுவனங்களும் பார்சலைப் பிரிப்பதற்கு முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஊர்ப் பெயர் சரியாக இருந்து பின்கோடு தப்பாக இருந்தால், பார்சல் வேறொரு கிடங்கில் போய் நிற்கும். புதூர், புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை ஊர் இருக்கிறது என்று யோசித்தால் கூரியர்காரர்கள் ஏன் ஊர்ப் பெயரை நம்புவதில்லை என்பது விளங்கும். அம்மாவுக்கு வரும் தபாலில் என்ன பின்கோடு இருக்கிறது என்று கேட்டு எழுதுவதே பாதுகாப்பு.

இனி ஒரு ஆர்டரைப் போட்டுப் பார்ப்போம். மகள் அம்மாவுக்கு 1,200 ரூபாய்க்கு ஒரு சேலையும் 1,800 ரூபாய்க்கு ஒரு குக்கரும் வாங்குகிறாள். மொத்தம் 3,000. கூப்பன் போட்டதில் 300 ரூபாய் குறைந்து 2,700. அதை யுபிஐ மூலம் கட்டிவிடுகிறாள். ஒரே ஆர்டர்தான், ஆனால் விற்பவர்கள் இரண்டு பேர். எனவே பெட்டியும் இரண்டு, வந்து சேரும் நாளும் இரண்டு. ‘ஒண்ணுதான் வந்துச்சு’ என்று அம்மா போனில் சொன்னால் உடனே புகார் செய்ய வேண்டியதில்லை. ஆர்டருக்குள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தால் இரண்டாவது பெட்டி எங்கே என்று தெரியும்.

அந்தப் பக்கத்தில் தெரிவது வண்டியின் ஓட்டம் அல்ல. பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்கோடை ஒவ்வொரு கிடங்கிலும் ஸ்கேன் செய்யும்போது விழும் பதிவுதான். ஆகவே இரண்டு ஸ்கேனுக்கு நடுவே பெட்டி லாரியில் இருக்கும் நேரம் முழுக்க ஆப் ஒன்றும் சொல்லாது. ஒரு நாள் அசையாமல் இருப்பதில் கவலைப்பட ஏதுமில்லை. கவலைப்பட வேண்டியது வேறு மூன்று இடங்களில். அனுப்பியாகிவிட்டது என்று காட்டிய பிறகும் ஒரு கிடங்கின் பெயர்கூட வராமல் சொன்ன தேதி தாண்டிவிட்டால், சீட்டு மட்டும் ஒட்டப்பட்டு பொருள் விற்பவரிடமே இருக்கக்கூடும். ‘டெலிவரிக்கு முயன்றோம்’ என்று வந்து, வீட்டுக்கு யாரும் வரவில்லை, போனும் வரவில்லை என்றால் அன்றைக்கே புகார் பதிய வேண்டும். சில முயற்சிகளுக்குப் பின் பெட்டி திரும்பிப் போய்விடும். மூன்றாவது, கைக்கு வராமலே ‘டெலிவர் ஆனது’ என்று காட்டுவது. முதலில் பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம். அங்கும் இல்லையென்றால் அன்றே ஆப்பில் எழுதிவிட வேண்டும், நாள் கடந்தால் நம் பேச்சு எடுபடாது.

விலை கூடிய பொருட்களுக்கு ஓடிபி கேட்பார்கள். அது விலாசத்தில் இருக்கும் நம்பருக்கு வருமா, கணக்கு வைத்திருப்பவருக்கு வருமா என்பது ஆப்புக்கு ஆப் மாறும். ஆர்டர் பக்கத்திலேயே அது காட்டப்படுவதும் உண்டு. அன்று காலை ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்று வந்ததும் மகள் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, “அம்மா, இன்னிக்குக் குக்கர் வரும். பெட்டியைப் பார்த்துட்டு எனக்குக் கூப்பிடு, நம்பர் சொல்றேன்” என்று சொல்லி வைத்தால் போதும்.

சேலை வருகிறது. படத்தில் இருந்தது மாம்பழ மஞ்சள், வந்திருப்பது வெளிறிய பச்சை. திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். வாங்கும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு மாற்றித் தருவது மட்டும்தான், பணம் கிடையாது என்றும் இருக்கும். ரிட்டர்ன் கேட்கும்போது ஆப் காரணம் கேட்கும். அவசரத்தில் பலர் ‘பிடிக்கவில்லை’ என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். அது தப்பு. ‘படத்தில் காட்டியது வேறு, வந்தது வேறு’ என்பதுதான் இங்கே உண்மை, அதற்குத்தான் சட்டத்தின் பலமும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருக்கும் பொருளையும் திரும்ப எடுக்க மாட்டேன் என்றோ பணம் தர மாட்டேன் என்றோ விற்பவர் சொல்லக்கூடாது. ‘பிடிக்கவில்லை’ என்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பெட்டி மேலுள்ள சீட்டையும் சேலையையும் அம்மாவைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அதை ரிட்டர்ன் கோரிக்கையோடு சேர்த்துவிட வேண்டும்.

இங்கே மறுபடியும் விலாசம் வந்து நிற்கிறது. எடுத்துப் போக ஆள் வருவது, பொருள் போய்ச் சேர்ந்த வீட்டுக்கே. சேலையை அம்மா அதற்குள் மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தால், எடுக்கும் இடத்தை அம்பத்தூருக்கு மாற்ற ஆப் விடுகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். வந்தவர் தன் போனில் இருக்கும் படத்தையும் கையில் இருக்கும் சேலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். விலைச் சீட்டு கிழித்திருந்தாலோ ஃபால்ஸ் தைத்திருந்தாலோ வாங்கமாட்டார். எடுத்துக்கொண்டதற்கான தகவல் ஆப்பில் விழும் வரை அவரை நிறுத்தி வைப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அம்மாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கொடுக்க வேண்டியது சேலை, குக்கர் அல்ல.

பணம் எவ்வளவு வரும்? 1,200 என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 300 ரூபாய்க் கூப்பனை இரண்டு பொருளுக்கும் விலைக்கு ஏற்பப் பிரித்தால் சேலையின் பங்கு 120. எனவே திரும்பி வருவது 1,080. இதில் மோசடி இல்லை. கட்டாத பணத்தை யாரும் திருப்பித் தர முடியாது. எந்த வழியில் கட்டினோமோ அந்த வழியில்தான் பணம் திரும்பும். தம்பியின் யுபிஐயில் கட்டியிருந்தால் தம்பி கணக்குக்குத்தான் போகும். அம்மா கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ரொக்கமாகத் திரும்பாது, வங்கிக் கணக்கோ யுபிஐ முகவரியோ ஆப்பில் கேட்பார்கள். ஆப்பின் வாலட்டில் போடட்டுமா என்றும் கேட்கும். அது சீக்கிரம் வந்துவிடும், ஆனால் பெரும்பாலும் அந்தக் கடைக்குள்ளேயே செலவழிக்க வேண்டிய பணம். எனக்குக் கேட்டால் வங்கியே மேல்.

‘ரீஃபண்ட் அனுப்பப்பட்டது’ என்று ஆப் சொல்வதும், பணம் கணக்கில் விழுவதும் ஒன்றல்ல. நடுவில் வங்கிகள் இருக்கின்றன. சில வேலை நாட்கள் ஆகலாம். சொன்ன தேதி தாண்டிவிட்டால், ரீஃபண்ட் விவரத்தில் இருக்கும் பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணை எடுத்துக்கொண்டு வங்கியைக் கேட்க வேண்டும். யுபிஐ என்றால் அது 12 இலக்கம். அந்த எண் இல்லாமல் கேட்டால் வங்கி கடையைக் கைகாட்டும், கடை வங்கியைக் கைகாட்டும்.

இந்தக் காத்திருப்பு நாட்களில்தான் திருடர்களும் வருகிறார்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ நம்பர் போலியாக இருக்கலாம். ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கம் வழியாக மட்டுமே பேச வேண்டும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின்னைப் போடச் சொன்னால் நம் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். யாரும் ஆர்டர் போடாத பார்சலைக் கொண்டுவந்து வயதானவர்களிடம் காசு கேட்பதும் நடக்கிறது. தன்னைக் கேட்காமல் எந்தப் பார்சலுக்கும் காசும் ஓடிபியும் கொடுக்கக் கூடாது என்று மகள் அம்மாவிடம் சொல்லி வைக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும்.

கடை இழுத்தடித்தால், ஆப்பில் பெயரோடு குறிப்பிட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் எண், போட்டோ, ரிட்டர்ன் கேட்ட தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.