உங்களுக்குத் தெரியுமா? சராசரிகளைப் பெருக்கினால் கணக்கு குறையும்!

ஒரு பூக்கடையில் மூன்று நாள் மல்லிகை விற்பனை 1, 4, 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்தம் நெருங்க நெருங்க விலையும் ஏறுகிறது: கிலோ 300, 400, 800 ரூபாய். சராசரி விற்பனை 4 கிலோ, சராசரி விலை 500 ரூபாய். அப்படியானால் நாளொன்றுக்கு 2,000 ரூபாய் வரவா? இல்லை. கல்லாவில் விழுந்தது 300 + 1,600 + 5,600 = 7,500. நாளுக்கு 2,500!

இரு பட்டியல்களும் ஒரே போக்கில் ஏறினால், பெருக்கல்களின் சராசரி ஒருபோதும் சராசரிகளின் பெருக்கலைவிடக் குறையாது. ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் (1821–1894) பெயரில் வழங்கும் சமனிலி இது.

நிரூபணம் நாலு வரிதான். எந்த இரு நாள்களை எடுத்தாலும், விற்பனை கூடிய நாளில் விலை குறைவதில்லை. எனவே விற்பனையை a, விலையை b என்று குறித்தால், இரு வித்தியாசங்களும் எதிரெதிர்க் குறி பெறா:

(aᵢ − aⱼ)(bᵢ − bⱼ) ≥ 0

n நாள்களுக்கும் எல்லா i, j சோடிகளையும் விரித்துக் கூட்டினால்,

2n·Σaᵢbᵢ − 2·Σaᵢ·Σbᵢ ≥ 0

2n² ஆல் வகுத்தால் முடிந்தது. ஒரு பட்டியலில் எல்லா எண்களும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இரண்டும் சமம்.

விலை ஏற ஏற விற்பனை 7, 4, 1 என்று இறங்கினால் குறி திரும்பிவிடும். வரவு நாளுக்கு 1,500 மட்டுமே. ஏற்ற இறக்கம் கலந்த பட்டியல்களுக்கோ இந்த விதி எந்த உத்தரவாதமும் தராது. உட்கார்ந்து பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.