12 பேர், 3 அணி: எத்தனை விதமா பிரிக்கலாம்?

வகுப்பில் 12 மாணவர்கள். விளையாட்டு விழாவுக்குச் சிவப்பு அணியில் 5 பேர், நீலத்தில் 4, பச்சையில் 3 பேர் வேண்டும். எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

சிவப்புக்கு 5 பேரைத் தேர்ந்தெடுக்க 792 வழிகள். மீதி 7 பேரில் நீலத்துக்கு 4 பேரை எடுக்க 35 வழிகள். மிஞ்சுற 3 பேரும் பச்சைதான். 792 × 35 = 27,720.

சுருக்கமாக, 12!/(5!·4!·3!). அணிக்குள் யார் முதல், யார் அடுத்து என்ற வரிசை முக்கியமில்லை, அதனால்தான் வகுக்கிறோம். இதன் பெயர் பல்லுறுப்புக் கெழு.

பலர் சறுக்குற இடம் வேற. அணிக்கு 4 பேர் வீதம் பிரித்தால் விடை 34,650. ஆனால் அணிகளுக்கு நிறமோ பெயரோ இல்லைன்னா, ஒரே பிரிவினையை 6 முறை எண்ணியிருப்போம். 6-ஆல் வகுத்தால் 5,775. அதுவே 5-4-3 எனப் பிரித்தால் நிறமே இல்லாவிட்டாலும் 27,720-தான். அங்கே அளவே அடையாளம்.