ஸ்கேன் சொல்லும் கிரேடு, சொல்லாத தழும்பு

மாஸ்டர் செக்கப் முடிந்து வரும் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று இருந்தால் வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். “இது எல்லாருக்கும்தான் இருக்கு, விடுங்க” என்பார் ஒருவர். புற்றுநோயில் இரண்டாம் கட்டம் என்பார்களே, அதுபோல ஏதோ ஒன்று என்று இன்னொருவர் கலங்கிப்போவார். இருவருமே அந்த எண்ணைத் தவறாகப் படிக்கிறார்கள். கல்லீரலில் படிந்த கொழுப்பு ஸ்கேன் திரையில் எந்த அளவுக்குத் தெரிகிறது என்பதுதான் கிரேடு. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கு வேறு. அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் பெரும்பாலும் அதே செக்கப் கோப்பில், ரத்தப் பரிசோதனைப் பக்கங்களில் இருக்கும்.

திரையில் என்ன பார்க்கிறார்கள்?

அல்ட்ராசவுண்ட் கருவி ஒலி அலைகளை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. கொழுப்புத் துளிகள் நிறைந்த கல்லீரல் அதிகமாக எதிரொலிக்கும். திரையில் வெளுப்பாகத் தெரியும். எவ்வளவு வெளுப்பு என்று ஒப்பிட, பக்கத்திலேயே இருக்கும் வலது சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். இயல்பான கல்லீரலும் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கும்.

கல்லீரல் சிறுநீரகத்தைவிடத் தெளிவாக வெளுத்திருந்து, உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் சுவரும் பின்னால் இருக்கும் உதரவிதானமும் நன்றாகத் தெரிந்தால் அது கிரேடு 1. அந்தக் குழாய்ச் சுவர்களும் உதரவிதானமும் மங்கத் தொடங்கினால் கிரேடு 2. அலைகள் ஆழம்வரை போகவே முடியாமல், கல்லீரலின் பின்பகுதியும் உதரவிதானமும் தெரியாமல் போனால் கிரேடு 3. மூடுபனியில் வண்டி விளக்கைப் போட்டால் முன்னால் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டு, தூரத்துச் சாலை மறைந்துபோகுமே, அப்படித்தான்.

இது முழுக்கக் கண்ணால் செய்யும் மதிப்பீடு. ஒரே ஆளை ஒரே வாரத்தில் இரண்டு டாக்டர்கள் பார்த்தால் ஒருவர் 1 என்றும் மற்றவர் 2 என்றும் எழுதுவது சாதாரணம். கருவியின் வெளிச்ச அமைப்பு, வயிற்றுச் சுவரின் தடிமன் எல்லாம் படத்தை மாற்றும். சிறுநீரக நோயால் சிறுநீரகமே வெளுத்திருந்தால் ஒப்பீடே குழம்பிவிடும். கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தாலே அது அதிகம்தான். ஆனால் 20, 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அல்ட்ராசவுண்ட் அதைக் கோட்டைவிடக்கூடும். ஆறு மாதத்தில் ‘கிரேடு 2’ ‘கிரேடு 1’ ஆகிவிட்டது என்று கொண்டாடுமுன் இதையெல்லாம் நினைவில் கொள்ள வேண்டும்.

கொழுப்பு ஏன் சேர்ந்தது என்பதையும் ஸ்கேன் சொல்லாது. மதுவால் வந்ததும், தொப்பையாலும் சர்க்கரையாலும் வந்ததும் திரையில் ஒரே வெளுப்புதான்.

தழும்புதான் கேள்வி

கொழுப்பு படிந்த கல்லீரல்களில் பெரும்பாலானவை அப்படியே காலம் தள்ளிவிடும். சிலருக்கு அந்தக் கொழுப்பு அழற்சியைக் கிளப்பும். அழற்சி ஆறும் இடங்களில் நார்த் தழும்பு விழும். ஃபைப்ரோசிஸ் என்று சொல்வது இதைத்தான். இது பெருகிப் பெருகி முடியும் இடம் சிரோசிஸ். கல்லீரல் பிற்காலத்தில் தொல்லை தருமா என்பதைக் கொழுப்பின் அளவைவிட இந்தத் தழும்பின் அளவே தீர்மானிக்கிறது. ஆரம்பத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தழும்பு முற்றிய கல்லீரலில் கொழுப்பு தானாகவே குறைந்துபோகும். ஆகவே கிரேடு இறங்குவது எப்போதும் நல்ல சேதி என்று சொல்லிவிட முடியாது.

தழும்பு இருக்கக்கூடுமா என்பதை முதற்கட்டமாகச் சலித்துப் பார்க்க ‘ஃபிப்-4’ என்ற கணக்கு இருக்கிறது. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஃபிப்-4.

எடுத்துக்காட்டாக, 44 வயது அலுவலக ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் கிரேடு 2. எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 62, பிளேட்லெட் 2.4 லட்சம், அதாவது 240 ஆயிரம். 44-ஐ 38-ஆல் பெருக்கினால் 1,672. 62-இன் வர்க்கமூலம் 7.87, அதை 240-ஆல் பெருக்கினால் சுமார் 1,890. வகுத்தால் 0.88. இது 1.3-க்குக் கீழே இருப்பதால், முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இப்போது 58 வயதுப் பெண் ஒருவர். பத்து வருடமாகச் சர்க்கரை நோய். ஸ்கேனில் கிரேடு 1-தான். எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 44, பிளேட்லெட் 1.6 லட்சம். கணக்குப் போட்டால் 2.84 வருகிறது. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். கிரேடை மட்டும் பார்த்திருந்தால் முதலாமவர் பயந்திருப்பார், இந்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

1.3-க்கும் 2.67-க்கும் நடுவில் வந்தால் அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். இது கல்லீரலின் விறைப்பை கிலோபாஸ்கலில் அளக்கும். 8-க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலை குறைவு. ஃபிப்-4 கணக்குக்கும் எல்லை உண்டு. 35 வயதுக்குக் கீழே அதை நம்ப முடியாது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதிலாக 2 என்ற வரம்பை வைக்கிறார்கள். டெங்கு போன்ற காய்ச்சலின்போது பிளேட்லெட் இறங்கி எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருக்கும், அந்த எண்களை வைத்துப் போட்டால் விடை பொய்யாகப் பயமுறுத்தும்.

முதலில் பார்க்க வேண்டியவை

நம் 44 வயதுக்காரருக்குத் தழும்பு பயம் இப்போதைக்கு இல்லை. அவர் எடை 82 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. இந்திய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வரைதான் சரி. அவர் செய்ய வேண்டிய பரிசோதனைகள் அதிகமில்லை: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், ஹெபடைடிஸ் பி, சி. ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டாமொக்சிஃபென் போன்ற மாத்திரைகளும் கல்லீரலில் கொழுப்பு சேர்க்கக்கூடும்; எதையாவது சாப்பிடுகிறார் என்றால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவர்களின் உயிருக்குக் கல்லீரலைவிட இதயத்தால்தான் ஆபத்து அதிகம். அதனால் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் எழுதிக் கொடுத்தால், ‘ஈரல் கெட்டுவிடும்’ என்று நிறுத்திவிடக் கூடாது.

மதுவையும் மறைக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும். 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ‘சனி, ஞாயிறு மட்டும்தான்’ என்பவர் இரண்டு நாளில் 120 கிராமை இறக்கிவிடுகிறார். கொழுப்பு ஏற்கெனவே படிந்த கல்லீரலுக்கு அடியோடு நிறுத்துவதுதான் நல்லது. தழும்பு இருப்பவருக்கு இதில் பேரமே கிடையாது.

எத்தனை கிலோ?

எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். 10 சதவீதத்தைத் தாண்டினால் தழும்பேகூடப் பலருக்குக் குறைகிறது. 82 கிலோக்காரருக்கு இது 78, 76, 74 கிலோ. மாதம் ஒரு கிலோ என்று போனால் ஆறு மாதத்தில் 76-ஐத் தொடலாம். பட்டினி கிடந்து வாரத்துக்கு இரண்டு கிலோ குறைப்பது பித்தப்பைக் கல்லுக்கு வழிவிடும். கல்லீரல் அழற்சியையும் மோசமாக்கலாம். ஒல்லியாக இருந்தும் ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு 3 முதல் 5 சதவீதக் குறைப்பே பலன் தரும்.

சாப்பாட்டில் எங்கே கைவைப்பது? முதல் இடம் சர்க்கரை. நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம் சீனி. அதில் பாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் அதை எளிதாகக் கொழுப்பாக மாற்றிவிடும். காபியைக் குறைக்க வேண்டியதில்லை, அது கல்லீரலுக்கு நல்லதுதான். சீனியை எடுத்துவிட்டால் போதும். வெல்லமும் தேனும் இதே கணக்கில்தான் வரும். பழத்தை ஜூஸாக்காமல் கடித்துச் சாப்பிட வேண்டும். அடுத்தது சாதத்தின் பங்கு. தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் ஒதுக்கி, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று வைத்தால் சாதம் தானாகக் கால் பங்குக்கு வந்துவிடும். ராத்திரி பத்து மணிப் பரோட்டாவும், சாயங்கால பஜ்ஜியும் பேக்கரி பிஸ்கட்டும் போக வேண்டும். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற தசைப் பயிற்சியும் சேர வேண்டும். எடை அசையாவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது.

‘ஈரல் சுத்தம் செய்யும்’ பொடிகளும் கஷாயங்களும் வேண்டாம். சீந்தில் கொடியைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

மறுபடி எப்போது?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுப்பதில் பயனில்லை. வாரம் ஒரு முறை எடை, மாதம் ஒரு முறை இடுப்பளவு, இவற்றை வீட்டிலேயே குறித்துக்கொள்ளலாம். ஆறாவது மாதம் எஸ்.ஜி.பி.டி., சர்க்கரை, கொலஸ்ட்ரால். டாக்டர் சொன்னால் ஒரு வருடம் கழித்து ஸ்கேன். ஃபிப்-4 குறைவாக இருப்பவர்கள், சர்க்கரை நோய் இருந்தால் ஓரிரு வருடத்துக்கு ஒரு முறையும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் மறுபடி கணக்குப் போட்டால் போதும். சிரோசிஸ் வந்தவர்களுக்கு மட்டும், புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது “கிரேடு எவ்வளவு குறைஞ்சிருக்கு?” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். “எனக்குத் தழும்பு இருக்கா, அதை எதை வெச்சுச் சொல்றீங்க?” என்று கேளுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.