டேபிள் நாலு, ரெண்டு நெய் ரோஸ்ட்!

சின்ன டிபன் கடையில் க்யூஆர் மெனு வைக்கப் பெரிய செலவில்லை. கடைக்கென ஒரு செல்போன் எண், இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, ஸ்டிக்கர் அச்சடிக்கும் காசு, அவ்வளவுதான். ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம். மேசையில் தட்டிய ஆர்டர் தவறாமல் அடுப்படிக்குப் போய்ச் சேர்வதுதான் கஷ்டம். எட்டு மேசை உள்ள ஒரு கடையை வைத்துப் பார்ப்போம்.

வீட்டு எண்ணையே கடைக்கும் வைத்துக்கொண்டால், உறவினர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஆர்டர் புதைந்துவிடும். தனி எண்ணில் செயலியை நிறுவி, கடையின் பெயர், முகவரி, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கொடுங்கள். பிறகு கேட்டலாக் பகுதியில் ஒவ்வொரு பண்டத்தையும் படம், விலையோடு ஏற்றுங்கள். ஏற்றியதை வாட்ஸ்அப் பரிசீலித்த பிறகே வாடிக்கையாளருக்குக் காட்டும். அதனால் ஓரிரு நாள் முன்பே ஏற்றிவிடுவது நல்லது.

அடுத்தது மேசைக்கான இணைப்பு. நான்காம் மேசைக்கு இப்படி இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Table%204
```

91-க்குப் பின் உங்கள் பத்து இலக்க எண். கூட்டல் குறியோ இடைவெளியோ வேண்டாம். ஸ்கேன் செய்ததும் வாட்ஸ்அப் திறந்து, 'Table 4' என்று எழுதியபடி காத்திருக்கும். வாடிக்கையாளர் அனுப்பும் பொத்தானைத் தொட வேண்டும். அப்போதுதான் கடைக்குச் செய்தி வரும். 'மேசை' என்று தமிழில் வைக்கலாம். ஆனால் இணைப்புக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிவதால், க்யூஆர் கட்டங்கள் நெருங்கிப்போய்ப் பழைய போன்கள் படிக்கத் திணறும்.

இந்த இணைப்பைக் க்யூஆர் ஆக்கித் தரும் இலவசத் தளங்கள் பல உண்டு. அங்கே 'static' வகையைத் தேர்ந்தெடுங்கள். 'dynamic' வகை அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். சோதனைக் காலம் முடிந்து சந்தா கட்டாவிட்டால், எட்டு ஸ்டிக்கரும் ஒரே நாளில் செத்துப்போகலாம். விலை மாறினாலும் ஸ்டிக்கரை மாற்ற வேண்டியதில்லை, கேட்டலாக்கில் திருத்தினால் போதும். அச்சில் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத அளவு, சுற்றிலும் வெள்ளை ஓரம், விளக்கொளி பட்டுப் பளபளக்காத மேட் லேமினேஷன் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாளே வரும் புகார், "ஸ்கேன் ஆகலைங்க" என்பது. பெரும்பாலும் அவர் கூகுள் பே அல்லது போன்பேயைத் திறந்து ஸ்கேன் செய்திருப்பார். பணம் செலுத்தும் க்யூஆரைக் கல்லாவில் மட்டும் வையுங்கள். மேசை ஸ்டிக்கரில் 'மெனு – போன் கேமராவில் ஸ்கேன் செய்யவும்' என்று பெரிதாக எழுதுங்கள்.

இரண்டாவது சிக்கல் வரவேற்புச் செய்தி. கேட்டலாக் இணைப்பை அதில் போட்டுவிட்டால் தானாகப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். புதிதாக எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சுவார்த்தை இல்லாதவருக்கும்தான் அது போகும். தினமும் வரும் வாடிக்கையாளருக்குப் போகாது. அதனால், 'அனுப்பியபின் மேலே உள்ள கடைச் சின்னத்தைத் தொடவும்' என்ற வரியையும் ஸ்டிக்கரிலேயே சேர்த்துவிடுங்கள். அவர் வேண்டியதைக் கார்ட்டில் சேர்த்து அனுப்பினால், பண்டமும் எண்ணிக்கையும் உத்தேசத் தொகையும் கடைக்கு வந்துவிடும்.

மிகப் பெரிய சிக்கல் வரிசை. வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த செய்திதான் மேலே நிற்கும். எட்டரை மணிக் கூட்டத்தில் நான்காம் மேசை முதலில் ரோஸ்ட் கேட்டிருக்கும். பின்னால் ஐந்து பேர் எழுதியதும் அது கீழே இறங்கிவிடும். மேலிருந்து பார்த்துச் செய்தால், முதலில் வந்தவருக்குக் கடைசியில்தான் தட்டு போகும். ஆர்டர் வந்த கையோடு மேசை எண்ணும் நேரமும் போட்டுச் சீட்டு எழுதி, தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குத்துவதே தீர்வு. எழுதி முடித்ததும் செய்தியில் ஒரு லேபிள் போட்டுவிட்டால், ஒரே ஆர்டர் இரண்டு முறை போகாது. கூட்ட நேரத்தில் இதற்கென்றே கல்லாவில் ஓர் ஆள் வேண்டும்.

க்யூஆரைப் படம் எடுத்துப்போய் வீட்டிலிருந்து 'Table 4' என்று விளையாடுபவர்களும் உண்டு. பரிமாறுபவர் தண்ணீர் வைக்கும்போதே, "ரெண்டு ரோஸ்ட்தானே, சார்?" என்று கேட்டுவிட்டால் அது நின்றுவிடும். பொங்கல் தீர்ந்ததும் கேட்டலாக்கில் அதை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்டே பொழுது போகும். பணம் கட்டியதாக ஒருவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் கணக்கில் வந்ததா என்று பாருங்கள்.

எட்டு மேசையிலும் ஒரே நாளில் ஒட்ட வேண்டாம். முதலில் மேசை எண் இல்லாத ஒரே ஸ்டிக்கரைக் கல்லாவில் ஒட்டிப் பார்சலுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்தே சொல்லிவிட்டு வருகிறவருக்கு வாட்ஸ்அப் உண்மையிலேயே நேரம் மிச்சம். உட்கார்ந்தவுடன் இட்லி கேட்பவருக்கோ வாயால் சொல்வதுதான் வேகம். போன் இல்லாதவருக்கும் தொட விரும்பாதவருக்கும் சுவரில் விலைப்பலகை எப்போதும் இருக்கட்டும்.