கடன் சீக்கிரம் தீர்ந்தால் லாபமா?

100 கோடி ரூபாயில் ஒரு மின்நிலையம் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் போட்டது 30 கோடி. மீதி 10 சதவீத வட்டிக் கடன். ஆயுள் 10 ஆண்டு. செலவும் வரியும் போக ஆண்டுக்கு 20 கோடி மிஞ்சும். சமத் தவணையில் கடனைக் கட்டினால் உரிமையாளருக்கு ஆண்டுதோறும் சுமார் 8.6 கோடி, மொத்தம் 86 கோடி கிடைக்கும்.

'கேஷ் ஸ்வீப்' நிபந்தனை இருந்தாலோ, மிஞ்சுவதையெல்லாம் வங்கி வழித்தெடுத்துக்கொள்ளும். நான்கு ஆண்டு ஒரு பைசா வராது. ஐந்தாம் ஆண்டில் கடன் தீர்ந்து 9.4 கோடி, பிறகு ஆண்டுக்கு 20 கோடி. மொத்தம் 109 கோடி!

ஆனால் முதலீட்டாளர் 15 சதவீத வருவாய் எதிர்பார்க்கிறவர் என்றால், அந்தக் கணக்கில் நிகர இன்றைய மதிப்பு 13 கோடியிலிருந்து 8 கோடியாகிறது. முதலீட்டின் ஆண்டு வருவாயும் 26 சதவீதத்திலிருந்து 19 ஆக இறங்குகிறது. 10 சதவீத வட்டியை மிச்சம்பிடிக்க, 15 சதவீதம் சம்பாதிக்க வேண்டிய பணம் போகிறதே!