முதல் விடைக்கு யார் சாட்சி?

2003-ஆம் ஆண்டின் இறுதியில் கூகுளில் miserable failure என்று தட்டியவர்களுக்கு முதலில் வந்தது, அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு. வெள்ளை மாளிகையே வெளியிட்டிருந்த பக்கம் அது. ‘படுதோல்வி’ என்று பொருள்படும் அந்தச் சொற்கள் அதில் எங்குமே இல்லை. பிறகு எப்படி வந்தது?

நாம் கேட்ட பிறகு தேடுபொறி இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவைப் போலக் குறித்து வைத்திருக்கிறது. ஒரே சொல்லுக்கு லட்சக்கணக்கான பக்கங்கள் கிடைக்கும்போது எதை முன்னால் நிறுத்துவது என்பதுதான் சிக்கல்.

ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதன் பெயர் பேஜ்ரேங்க். ஒரு பக்கம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு வாக்கு. ஆனால் எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு இல்லை. எளிமையாகச் சொன்னால், 100 மதிப்புள்ள பக்கம் 50 பக்கங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் 2 போகும். 6 மதிப்புள்ள சின்னப் பக்கம் இரண்டை மட்டும் சுட்டினால் ஆளுக்கு 3.

இதோடு இன்னொன்றையும் கூகுள் கவனித்தது. எந்தச் சொற்களின் மேல் இணைப்பு வைக்கப்பட்டிருக்கிறதோ, அவை சுட்டப்படும் பக்கத்தைப் பற்றிய விவரமாகவும் கொள்ளப்பட்டன. புஷ்ஷைப் பிடிக்காத வலைப்பதிவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தங்கள் பதிவுகளில் miserable failure என்று எழுதி, அதன் மேல் அவருடைய பக்கத்துக்கு இணைப்பு வைத்தார்கள். வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு ஏற்கெனவே மதிப்பு அதிகம். அதனால் முதலிடம் பிடிக்கப் பெரிய கூட்டம் தேவைப்படவில்லை. 2007 ஜனவரியில் கூகுள் கணக்கிடும் முறையை மாற்றிய பிறகே இந்த விளையாட்டு அடங்கியது.

இணைப்புகளை வைத்து ஏமாற்றுவது கடினமானாலும், கேள்வியின் சொற்கள் வழியே பொய் நுழைய முடிகிறது. 2016 டிசம்பரில் ‘யூதப் படுகொலை நடந்ததா’ என்று ஆங்கிலத்தில் கேட்டவர்களுக்கு, அது நடக்கவே இல்லை என்று சாதிக்கும் நவநாஜித் தளம் ஒன்று முதலில் வந்தது. வரலாற்று ஆசிரியர்கள் ‘நடந்ததா’ என்று தலைப்பிட்டு எழுதுவதில்லை. மறுப்பவர்கள்தான் அந்தச் சொற்களைச் சுற்றி எழுதுவார்கள். கேட்டவரின் சொற்களோடு அவர்கள் பக்கமே நெருக்கமாகப் பொருந்தியது. செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்ததும் கூகுள் தன் தரவரிசை முறையைத் திருத்தியது.

ஆகவே கேள்வியிலேயே சந்தேகமோ முடிவோ ஒளிந்திருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்கலாம். ‘நடந்ததா’ என்பதற்குப் பதில் ‘ஆஷ்விட்ஸ்’ என்று தேடினால் அந்த நாஜி வதைமுகாமின் நினைவு அருங்காட்சியகம் வரும். சொல்லை மாற்றியதும் முதல் விடையும் மாறினால், முன்பு வந்த விடையை மேலே ஏற்றியது உண்மையாக இல்லாமல், நாம் தட்டிய சொல்லாகவே இருக்கலாம்.